சட்டைமேல் அங்கவஸ்திரம் இயல்பாக விழுவதற்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் வேஷ்டி கட்டிவிடும்போது என்னிடம் கேட்கப்படுகிற கேள்விகள் இவை. பெரும்பாலும் பட்டுச் சட்டை, பட்டு வேஷ்டி, அதன்மேல் அங்கவஸ்திரம் என்ற அமைப்பை மனதில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். மற்ற உடைகளைப் பற்றியும் நடுநடுவே வரும்.

எத்தனை தடவை சரி செய்தாலும் தோளிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

பெரும்பாலும் அதைப் போட்டிருக்கும் இடம்தான் காரணம். கண்ணாடி முன்னால் நின்று கழுத்துப் பக்கம் கையை வைத்துப் பாருங்கள். சட்டைக் காலர் முடிகிற இடத்திலிருந்து நாலு விரல் தூரம் வரை தோள் ஏறக்குறைய சமமாக இருக்கும். அதைத் தாண்டினால் கைப்பக்கமாகச் சரியத் தொடங்கும். சரிவில் போட்ட துணி எதுவும் நிற்காது. அங்கவஸ்திரத்தின் உள்விளிம்பு காலரின் அடியைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். நிறைய பேர் சட்டையின் எம்ப்ராய்டரி தெரியட்டும், காலர் தெரியட்டும் என்று தோளின் முனைக்குத் தள்ளிப் போடுகிறார்கள். பத்து நிமிடத்தில் அது முழங்கைக்கு வந்துவிடும்.

இன்னொரு காரணம், பட்டின்மேல் பட்டு. இரண்டுமே வழுவழுப்பு. பருத்திச் சட்டைமேல் அசையாமல் நிற்கும் அதே அங்கவஸ்திரம் பட்டுச் சட்டைமேல் ஓடும். ஆர்ட் சில்க் என்று விற்கிற பாலியெஸ்டர் கலந்த துணி இன்னும் மோசம். அதற்கு எடையும் கிடையாது, மடிப்பிலும் நிற்காது. விசிறிக் காற்றுக்கே எழும்பும். அப்படிப்பட்ட துணி என்றால் பின் இல்லாமல் முயற்சி செய்ய வேண்டாம்.

மடிப்பு எப்படி எடுப்பது? ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள்.

இரண்டு முறைதான் உண்டு. ஒன்று, நீளவாக்கில் பாதியாக, மறுபடியும் பாதியாக மடித்துக்கொண்டே போவது. வீட்டில் துண்டு மடிக்கிற மாதிரி. சுலபம்தான், ஆனால் இரண்டு கரைகளும் ஒரே விளிம்பில் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழும். கீழே இருப்பது தெரியாது. முதல் மடிப்பை மடிக்கும்போது ஒரு விளிம்பை ஓர் அங்குலம் உள்ளே விட்டு மடித்தால் இரண்டு கரையும் வரிவரியாகத் தெரியும். மெல்லிய கரை போட்ட பருத்தி அங்கவஸ்திரத்துக்கு இது போதும்.

பட்டுக்கு விசிறி மடிப்புதான் சரி. அதாவது முன்னும் பின்னுமாக, புடவைக் கொசுவம் எடுக்கிற மாதிரி மடிப்பது. மடிப்பின் அகலம் எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். அதற்கு அளவுகோல் கரைதான். கரை மூன்று அங்குலம் என்றால் மடிப்பும் மூன்று அங்குலம். நாலு என்றால் நாலு. அப்போதுதான் மேலே தெரிகிற பட்டை முழுக்க ஜரிகையாக இருக்கும். கரை நடுவில் முறிந்து, பாதி ஜரிகை பாதி வெள்ளை என்று தெரியாது. கரை ரொம்பச் சின்னது, ஓர் அங்குலம்தான் என்றால் நாலு அங்குலத்துக்கே மடிப்பு வைத்து, கரை மேல் விளிம்பில் கோடாக ஓடும்படி விட்டுவிடலாம். எப்படி இருந்தாலும் ஐந்து அங்குலத்துக்குமேல் போகக் கூடாது. தோளில் இடம் அவ்வளவுதான்.

கட்டிலில் துணியை விரித்து, ஒரு முனையில் நீங்கள், மறுமுனையில் இன்னொருவர் என்று இருவரும் ஒரே நேரத்தில் மடியுங்கள். தனியாளாகச் செய்தால் ஒரு முனையில் நாலு அங்குலமும் மறுமுனையில் ஐந்துமாகிவிடும், பட்டை கோணலாக ஓடும். அடியில் வருகிற மடிப்புகள் ஒவ்வொன்றும் மேலே உள்ளதைவிட ஒரு நூல் உள்ளே தள்ளியிருந்தால் விளிம்பு தடித்துத் தெரியாது. கடைசியில் வரும் அடிக்கரையை உள்பக்கமாக மடித்துவிடுங்கள். பின் குத்தும்போது அதற்கு வேலை இருக்கிறது. மடித்து முடித்ததும் நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று துணி கிளிப் போட்டு வையுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான இடம். மடிப்பெடுத்த துணியை முனையிலிருந்து முனைவரை அழுத்தி இஸ்திரி போடாதீர்கள். போட்டால் அட்டை வெட்டி ஒட்டிய மாதிரி விறைப்பாகத் தொங்கும், நடந்தால் மொத்தமாக ஆடும். தோளில் படுகிற நடுப்பகுதி, ஏறத்தாழ ஒரு முழம், அதற்கு மட்டும் இஸ்திரி. பட்டுக்கு மிதமான சூடு, மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணி விரித்து. தண்ணீர் தெளிக்கக் கூடாது, பட்டில் கறை மாதிரி திட்டு நிற்கும். இரு முனைகளையும் கையால் நீவி விட்டால் போதும். தோளில் மடிப்பு இறுக்கமாகவும் கீழே போகப்போகத் தளர்ந்தும் இருந்தால்தான் துணி தானாக விழுந்த மாதிரி இருக்கும். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இடது தோளா, வலது தோளா?

ஒரு தோளில் போடுவதென்றால் இடது. அட்சதை போட, கும்பிட்டு வாங்க, மொய் எழுத, சாப்பிட என்று எல்லா வேலையும் வலக்கையில்தான். அந்தப் பக்கம் துணி தொங்கினால் பாயசத்தில் முனை போய் விழும். பூணூல் போடுகிறவர்களுக்கு அதுவும் இடது தோளில்தான் கிடக்கும். இடக்கைப் பழக்கம் உள்ளவர் வலது தோளில் போட்டுக்கொண்டு வரவேற்பில் நின்றால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. சடங்கில் உட்காரும்போது மட்டும் வாத்தியார் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு தொங்க வேண்டும்?

ஒரு கணக்குப் போட்டே பார்க்கலாம். மாப்பிள்ளையின் உயரம் 170 செ.மீ. அதாவது ஐந்தடி ஏழு அங்குலம். தரையிலிருந்து தோள் ஏறக்குறைய 139 செ.மீ., முழங்கால் 48 செ.மீ. செட்டில் வந்த பட்டு அங்கவஸ்திரம் 2 மீட்டர் நீளம். சரிபாதியாகத் தோளில் போட்டால் முன்னும் பின்னும் 100 செ.மீ. தொங்கும். முனை தரையிலிருந்து 39 செ.மீ. உயரத்தில், அதாவது முழங்காலுக்கு அரைச் சாண் கீழே நிற்கும்.

இதில் நான் செய்கிற ஒரு திருத்தம்: முன்னால் 95, பின்னால் 105. பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஆனால் மேடையில் நிற்கிறவர் நாள் முழுக்கக் குனிகிறார். பெரியவர்கள் காலில் விழுகிறார், பரிசை வாங்குகிறார், குழந்தையைத் தூக்குகிறார். துணி எப்போதும் முன்பக்கமாகத்தான் ஓடும். பின்னால் கொஞ்சம் எடை கூடுதலாக இருந்தால் அது இழுத்துப் பிடிக்கும். பத்து செ.மீ. வித்தியாசத்துக்குமேல் வேண்டாம், பிறகு பின்பக்கமாக வழுக்கும்.

அதே துணியை ஐந்தடி மூன்று அங்குலம் உள்ளவருக்குப் போட்டால் முனை முழங்காலுக்கு அரைச் சாணுக்கும் மேலாகக் கீழே போய்விடும். ஆளைக் குட்டையாகக் காட்டும். அவருக்கு ஒரு தோளில் போடாமல் கழுத்தைச் சுற்றி இரு தோளிலும் போடுங்கள். கழுத்துக்குப் பின்னால் 40 செ.மீ. போய்விடும், மீதி இரண்டு பக்கமும் 80 செ.மீ. தொங்கும். முனை முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும். கலைஞர் மு. கருணாநிதியின் மஞ்சள் சால்வையைப் படங்களில் பார்த்திருப்பீர்கள், கழுத்தைச் சுற்றி வந்து இரு முனையும் முன்னால் தொங்கும். அந்த மாதிரி. இப்படிப் போடும்போது சட்டைக் காலருக்கு அடியில் துணி உட்கார வேண்டும். காலரை மூடிக்கொண்டு ஏறினால் கழுத்தே இல்லாத மாதிரி ஆகிவிடும்.

பின் குத்தலாமா? பட்டு கிழிந்துவிடாதா?

குத்தலாம், குத்துகிற இடம் தெரிந்தால். இரண்டு ஊக்கு போதும். முதல் ஊக்கு மடிப்புகளை ஒன்றோடொன்று பிடிக்க. மேலே தெரிகிற கரை மடிப்பை விரலால் தூக்கிக்கொண்டு, அதற்கு அடியில் உள்ள மடிப்புகளை மட்டும் சேர்த்துக் குத்துங்கள். மேல் மடிப்பை விட்டுவிடுவதால் ஊக்கும் தெரியாது, ஜரிகையும் தப்பிக்கும். ஜரிகையில் ஊசி ஏறினால் இழை அறுந்து மயிர்மயிராக வெளியே வரும், அதைச் சரி செய்ய முடியாது.

இரண்டாவது ஊக்கு அங்கவஸ்திரத்தைச் சட்டையோடு சேர்க்க. இதைச் சட்டைக்கு உள்ளேயிருந்து குத்த வேண்டும். மேல் பட்டன் இரண்டைக் கழற்றிவிட்டு உள்ளே கை விட்டால் தோளில் துணி இரட்டையாகத் தைத்திருக்கும் பட்டை கைக்குத் தட்டுப்படும். அங்கேதான் ஊக்கு ஏற வேண்டும். ஒற்றைத் துணியில் குத்தினால் சட்டைதான் முதலில் கிழியும். அடிக்கரையை உள்ளே மடித்திருப்பதால் ஊசி வெறும் துணியில் ஏறும். ஊக்கு காலரிலிருந்து கைப்பக்கமாகப் படுத்திருக்கட்டும். துணி இழுபடுவது முன்னும் பின்னும்தான், ஊக்கு அதற்குக் குறுக்கே இருந்தால் இழுவை முழு நீளத்துக்கும் பரவும். முன்பின்னாகக் குத்தினால் இழுவை முழுக்க ஒரே துளையில் விழுந்து துளை பெரிதாகும்.

சரியாகக் குத்தியிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பட்டனைப் போட்டுவிட்டு நேராக நிற்கச் சொல்லுங்கள். பட்டன் வரிசை தொண்டைக்குழிக்கு நேராக இறங்கினால் சரி. இடது பக்கம் சாய்ந்து, காலர் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றால் சட்டைத் துணியை அதிகமாகச் சேர்த்துக் குத்திவிட்டீர்கள். கழற்றி மறுபடியும் குத்துங்கள். மேடையில் அதைச் சரி செய்ய முடியாது, ஆல்பம் முழுக்க அந்தச் சாய்வு வரும்.

ஊக்கு புதியதாக, மெல்லியதாக இருக்கட்டும். துருப்பிடித்தது வியர்வை பட்டால் வெள்ளைப் பட்டில் பழுப்புப் புள்ளி வைக்கும். அடிக்கடி அங்கவஸ்திரம் போடுகிறவர் என்றால் தையற்காரரிடம் கொடுத்துச் சட்டையின் தோளில் ஒன்றும் துணியின் அடி மடிப்பில் ஒன்றுமாக டிச் பட்டன் வைத்துக்கொள்ளலாம். எனக்கு ஊக்கைவிட அதுதான் பிடிக்கும். பட்டென்று எடுக்கலாம், பட்டென்று மாட்டலாம்.

நிற்கும்போது நன்றாக இருக்கிறது, உட்கார்ந்து எழுந்தால் கலைந்துவிடுகிறது.

பின்முனைமேல் உட்கார்ந்துவிடுகிறீர்கள். மேலே சொன்ன கணக்கில் பின்னால் 105 செ.மீ. தொங்குகிறது. உட்கார்ந்தால் தோளுக்கும் மணைக்கும் நடுவே 60 செ.மீ. சொச்சம்தான். மீதி ஒரு முழம் கீழே விழுந்து உங்கள் அடியில் மாட்டிக்கொள்ளும். நிமிர்ந்தவுடன் தோளிலிருந்து மொத்தமும் பின்னால் இழுபடும். ஊக்கு குத்தியிருந்தால் சட்டைத் தோள் இழுபடும்.

உட்காருவதற்கு முன் பின்முனையை வலக்கையால் பிடித்து, வலது இடுப்பைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து மடியில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். எழும்போது கையை விட்டால் அது தானாகப் பின்னால் போய்த் தொங்கும். மேடையில் போடுகிற பெரிய நாற்காலியானால் முனையைச் சாய்மானத்தின் மேல் எடுத்துப் பின்பக்கம் தொங்கவிடலாம். மாப்பிள்ளைத் தோழன் யார் என்று பார்த்து இந்த வேலையை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

அப்புறம், சட்டைப் பை. வேஷ்டியில் பை கிடையாது என்று போன், பர்ஸ், மண்டபச் சாவி எல்லாம் இடது சட்டைப் பையில் போய்ச் சேரும். அங்கவஸ்திரம் அதற்குமேல் புடைத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு அழைப்புக்கும் துணியை விலக்கிப் போனை எடுத்தால் எந்த மடிப்பும் நிற்காது. பை வைத்த வேஷ்டி பெல்ட் கிடைக்கிறது, அதை உள்ளே கட்டிக்கொள்ளுங்கள்.

மாலை மாற்றும்போதும் முடிச்சு போடும்போதும் என்ன செய்வது?

மாலை, அங்கவஸ்திரத்துக்குப் பெரிய எதிரி. சம்பங்கியும் ரோஜாவும் வைத்துக் கட்டிய கனமான மாலை தோளில் மடிப்பின்மேல் நேராக உட்காரும். ஈரம் வேறு. கழற்றும்போது நார் ஜரிகையில் சிக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காமல் இருப்பதுதான் வழி. மாலை கழுத்தை ஒட்டி விழும். அதனால் மாலை விழும் முன் அங்கவஸ்திரத்தை இரண்டு விரல் வெளியே தள்ளிக்கொள்ளுங்கள். ஊக்கு இருப்பதால் அந்த நேரத்துக்கு நிற்கும். மாலையைக் கழற்றும்போது மேல்நோக்கித் தூக்கி எடுக்க வேண்டும், பக்கவாட்டில் இழுக்கக் கூடாது.

முடிச்சு இன்னும் கவனிக்க வேண்டியது. அக்னியை வலம் வருவதற்கு முன் மாப்பிள்ளையின் அங்கவஸ்திர முனையையும் பெண்ணின் புடவை முந்தானையையும் சேர்த்து முடிச்சுப் போடுகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த நேரத்தில் தோளில் ஊக்கு இருந்தால், ஒருவர் ஓர் அடி முந்தினாலும் இழுவை முழுக்க ஊக்குத் துளையில்தான் விழும். அடுத்து டர்ரென்று சத்தம்தான். முடிச்சுக்கு முன் சட்டையோடு குத்திய ஊக்கை எடுத்துவிடுங்கள், மடிப்பைப் பிடிக்கிற ஊக்கு இருக்கட்டும். பின்முனையை முடிச்சுக்குக் கொடுத்து, துணியை அந்தப் பக்கமாக அரை முழம் தளர்த்திவிடுங்கள். முன்முனையை மாப்பிள்ளை இடக்கையால் பிடித்துக்கொள்ளலாம். வலம் முடிந்து முடிச்சு அவிழ்ந்த பிறகு பழையபடி குத்திக்கொள்ளலாம். போட்டோகிராபர் காத்திருப்பார்.

முகூர்த்தத்தில் சட்டை போடாத வழக்கம் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. வெற்றுத் தோளில் பட்டு அவ்வளவாக வழுக்காது.

பஞ்சகச்சத்தோடு வந்த அங்கவஸ்திரம் ரொம்பப் பெரியது. என்ன செய்வது?

ஒன்பது-ஐந்து என்று வாங்கியிருப்பீர்கள். ஒன்பது முழம் வேஷ்டி, ஐந்து முழம் மேல்வேஷ்டி. முழத்துக்கு ஒன்றரை அடி என்றால் ஏழரை அடி நீளம், சுமார் 2.3 மீட்டர். பத்து-ஆறு என்றால் இன்னும் ஒன்றரை அடி கூடுதல். அகலமும் வேஷ்டியின் முழு அகலம். இதை ஒரு தோளில் மடித்துப் போடப் பார்த்தால் தலையணை மாதிரி புடைக்கும், கணுக்காலுக்குப் பக்கம் வரை தொங்கும். இது அப்படிப் போடுவதற்காக நெய்ததும் அல்ல. முதுகைச் சுற்றி, வலது கைக்கு அடியில் வந்து, மார்பைக் கடந்து இடது தோளில் ஏறுவதற்கான நீளம் இது.

அப்படிப் போடும்போது பாதி அகலமாக மட்டும் மடித்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை இடது தோளில் முன்பக்கமாக ஒன்றரைச் சாண் தொங்கவிட்டு, மீதியை முதுகின் குறுக்காக வலது கைக்கு அடியில் கொண்டுவந்து, மார்பின் மேலாக இடது தோளில் ஏற்றிப் பின்னால் விடுங்கள். இரண்டாவதாக ஏறும் துணி முதல் முனையை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், ஊக்கே வேண்டாம். மார்பில் இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தொய்வு விடுங்கள். வலது கையைத் தலைக்குமேல் தூக்கிப் பாருங்கள், துணி கூடவே மேலே வந்தால் இறுக்கம் அதிகம்.

கஞ்சி போட்ட பருத்தி அங்கவஸ்திரம் தோளில் கூரை மாதிரி நிற்கிறது.

கஞ்சி கூடிவிட்டது. வேஷ்டிக்குப் போட்ட அதே கஞ்சியில் அங்கவஸ்திரத்தையும் முக்கியிருப்பார்கள். வேஷ்டிக்கு விறைப்பு வேண்டும், மேலே போடுவதற்கு அதில் பாதிகூட வேண்டாம். இப்போதைக்கு லேசாகத் தண்ணீர் தெளித்து, சுருட்டி, அரை மணி நேரம் வைத்துவிட்டு எடுத்துக் கையால் கசக்கி நீவுங்கள், தளர்ந்துவிடும். பருத்திக்குத் தண்ணீர் பயமில்லை. புதுத் துணியென்றால் கடைக் கஞ்சி போக ஒரு தடவை அலசிவிட்டே போடுங்கள்.

ஜிப்பா, ஷெர்வானி, கோட்டு இவற்றின் மேல்?

ஜிப்பாவுக்கு நன்றாகவே பொருந்தும். பருத்தி ஜிப்பாவானால் மடிப்பைக் கொஞ்சம் அகலமாக விட்டு, கழுத்தைச் சுற்றி இரு பக்கமும் தொங்கவிடுங்கள். ஒரு முனை மற்றதைவிட நாலு விரல் இறங்கியிருந்தால் அழகாகத்தான் இருக்கும், அளந்து சமமாக்க வேண்டியதில்லை.

ஷெர்வானியில் தோளுக்குள் பஞ்சுப் பட்டை வைத்துத் தைத்திருப்பார்கள். தோள் முனை உயர்ந்து நிற்பதால் துணி கழுத்துப் பக்கமாகச் சறுக்கி வந்து காலரில் குவியும். இங்கே ஊக்கு தோளின் வெளிப்பக்கத்தில், பஞ்சுப் பட்டைக்கு மேலே குத்த வேண்டும். கோட்டின்மேல் அங்கவஸ்திரம் எனக்கு ஒத்துவராத விஷயம். மடிப்பு வைத்த கோட்டுக் காலரின்மேல் எதைப் போட்டாலும் ஒட்டாது. வரவேற்புக்குக் கோட்டு போட்டால் அங்கவஸ்திரத்தைப் பெட்டியில் வையுங்கள்.

கோயிலுக்குள் தோளில் போட்டுக்கொண்டு போகலாமா?

சன்னதியில் அதை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வது மரியாதை என்று வழக்கம். திருச்செந்தூர், குருவாயூர் மாதிரி ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டிய கோயில்களில் சட்டையோடு குத்திய ஊக்கையும் கழற்ற வேண்டியிருக்கும், ஆகவே அங்கே ஊக்கு இல்லாமலே போங்கள்.

சாமி முன்னால் இறக்குவது வேறு, மனிதர் முன்னால் இறக்கச் சொல்வது வேறு. தோளில் துண்டு போடும் உரிமையே சாதியைச் சொல்லிப் பலருக்கு மறுக்கப்பட்டிருந்த ஊர் இது. பெரிய மனிதர் எதிரே வந்தால் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்று யாராவது ‘பெரியவர் வருகிறார், துண்டை எடு’ என்று மாப்பிள்ளையிடம் சொன்னால் கேட்க வேண்டிய அவசியமில்லை.

மண்டபத்தில் ஏசி குளிருகிறது. பட்டுப் புடவைமேல் சால்வை போட்டால் முந்தானை கலைந்துவிடுமா?

முந்தானை இடது தோளில் மடிப்பு வைத்துக் குத்தியிருந்தால், சால்வையை அந்தத் தோளில் ஏற்றாதீர்கள். வலது தோளில் ஒரு முனையைப் போட்டு, முதுகுப்பக்கமாக இறக்கி, இடது கையின் முழங்கை மடிப்பில் மறுமுனையைத் தாங்கிக்கொள்ளுங்கள். முதுகு மூடும், முந்தானையும் கரையும் அப்படியே தெரியும். கம்பளிச் சால்வையின் முடிச்சுக் குஞ்சம் ஆரத்தில் மாட்டும் என்பதால் குஞ்சம் உள்ள முனை கைப்பக்கம் இருக்கட்டும்.

மேடையில் பொன்னாடை போர்த்தும்போது எல்லாமே கலைந்துவிடுகிறது.

போர்த்துகிறவர் பொன்னாடையை முழுக்க விரித்து, ஜரிகை வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு, வாங்குகிறவரின் தலைக்குமேல் கொண்டுபோய்ப் பின்னால் இறக்க வேண்டும். வாங்குகிறவர் லேசாகக் குனிந்தால் போதும். ஏற்கெனவே தோளில் அங்கவஸ்திரம் இருந்தால், பொன்னாடை விழுந்தவுடன் அதன் இரு விளிம்புகளையும் மார்புக்கு நேரே ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். படம் எடுத்ததும் வலது பக்கத்திலிருந்து தொடங்கி எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் முதலில் இழுத்தால் அங்கவஸ்திரமும் கூடவே வரும்.

கல்யாணம் முடிந்தபிறகு எப்படி வைத்துக்கொள்வது?

அன்று ராத்திரியே ஊக்குகளை எடுத்துவிடுங்கள். துணியை விரித்து நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட விட்டால் வியர்வை ஈரம் போகும். மஞ்சள், குங்குமக் கறை இருந்தால் தண்ணீர் வைத்துத் தேய்க்காமல் டிரை கிளீனிங்குக்குக் கொடுங்கள், கறை எதனால் ஆனது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். விசிறி மடிப்போடு அப்படியே பீரோவில் வைக்க வேண்டாம். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் ஜரிகை அந்தக் கோட்டிலேயே முறியும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, சில மாதங்களுக்கு ஒரு தடவை எடுத்து மடிப்பை மாற்றுங்கள். பாச்சை உருண்டை போடுவதானால் ஒரு சின்னத் துணியில் முடிந்து பீரோ மூலையில் வையுங்கள், ஜரிகையில் படக் கூடாது.